ஊக்க வரி பிடிக்காத நண்பர்களுக்கு ஒரு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க செட்டில் யாருக்கும் தத்துவ வரிகளே பிடிக்காது. ஒருத்தனுக்கு நாற்பதாவது பிறந்தநாள் வருது. மனசு நோகாத கிண்டலா, வாழ்த்து அட்டையில் எழுத ஒரே ஒரு வரி சொல்லுங்களேன்.

ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடம்.
சிலபஸ்தான் கொஞ்சம் பெரிசு.

இந்த வரியை நான் எழுதியதும் ஒரு நாற்பதாவது பிறந்தநாளுக்குத்தான். திண்டுக்கல்லில் இருக்கும் அந்த நண்பன் முதலில் டீக்கடை வைத்தான், பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை, அதன் பிறகு கோழிப்பண்ணை. மூன்றும் மூடியாயிற்று. இப்போது ஒரு மில்லில் சூப்பர்வைசராக நிம்மதியாக இருக்கிறான். அந்த மூன்று கதைகளையும் எங்களைவிட அவன்தான் ரசித்துச் சொல்வான். ஆனால் "விழுந்தால் எழு, எழுந்தால் பற" என்ற ரகத்தில் யாராவது அனுப்பினால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அவனுக்காக எழுதியதால்தான் இந்த வரிக்கு இந்த அளவு வந்தது. உங்கள் நண்பர் கதை வேறாக இருந்தால் வரியும் மாறத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்று கீழே வரும் கேள்விகளில் சொல்கிறேன்.

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியல. கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுங்க.

முதல் வாக்கியம் நூறு தடவை கேட்டது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. தொட்டால், படிப்பவர் முதல் அடியிலேயே உஷாராகிவிடுவார். காலண்டர் தாளில் இருப்பது மாதிரியே அது இருக்க வேண்டும். படிப்பவர் மனதில், "ஐயோ, இவனும் ஆரம்பிச்சுட்டானா" என்ற சலிப்பு அரை நொடியாவது வர வேண்டும்.

இரண்டாவது வாக்கியம் முதலாவதை மறுக்கவில்லை, முழுதாக ஒப்புக்கொள்கிறது. தோல்வி பாடம்தானே, சரி, பாடமென்றால் அதற்கு ஒரு பாடத்திட்டம் இருக்குமே, அது எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்க்கிறது. ஊக்க வரி ஒரு வாக்குறுதி தருகிறது: தோற்றால் கற்பாய், கற்றால் ஜெயிப்பாய். எப்போது என்று அது சொல்வதே இல்லை. நம் வரி அந்தச் சொல்லாமல் விட்ட இடத்தில் போய் நிற்கிறது. அதனால்தான் இது பொய்யாகவும் இல்லை, புலம்பலாகவும் இல்லை. நாற்பது வயதில் மூன்று கடை மூடியவனுக்கு அது வெறும் நிலவர அறிக்கை.

நான்கு சின்னச் சொற்கள் இங்கே உழைக்கின்றன. "சிலபஸ்" பள்ளிக்கூடத்து வாசனையோடு வருகிறது. "பாடத்திட்டம்" என்று போட்டிருந்தால் கல்வித் துறைச் சுற்றறிக்கை மாதிரி ஆகியிருக்கும். "போர்ஷன்" என்றும் யோசித்தேன். தமிழ்நாட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வாயில் வருவது அதுதான். ஆனால் அந்தச் சொல் ஒரு பரீட்சைக்கு உரிய பகுதியைத்தான் குறிக்கும். நான் சொல்ல நினைத்தது முழு ஆயுளுக்குமான பாடத்தை. அடுத்து "கொஞ்சம்". "ரொம்பப் பெரிசு" என்றால் அழுகை, "கொஞ்சம் பெரிசு" என்றால் அடக்கம். பெரியதைச் சின்னதாகச் சொல்லும்போது மீதியைப் படிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். மூன்றாவது "தான்". மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இந்த ஒன்றுதான் சிக்கல் என்ற பாவனையை அது கொண்டுவருகிறது.

கடைசியாக "பெரிசு". "பெரியது" என்று எழுதினால் இரண்டு வாக்கியமும் ஒரே மேடையில் நிற்கும். முதல் வாக்கியம் மேடைத் தமிழில் இருக்க, இரண்டாவது திண்ணைத் தமிழுக்கு இறங்கி வருகிறது. அந்த ஒரு படி இறக்கத்தில்தான் சிரிப்பு பாதி இருக்கிறது.

நான் எழுதிப் பார்த்தா ஒண்ணு திட்டுற மாதிரி வருது, இல்லைன்னா ஒப்பாரி மாதிரி வருது. எங்கே தப்பு பண்றேன்?

இதே வரிக்கு நான் எழுதிக் கிழித்தவற்றைச் சொன்னால் விளங்கும்.

முதலில் எழுதியது: "தோல்வி பாடம் என்பதெல்லாம் சுத்தப் பொய்." இது வாதம். எதிரே ஒருவர் உட்கார்ந்து, "அப்படிச் சொல்லாதே" என்று பதில் வாதம் செய்யலாம். ஊக்க வரியை எதிர்த்து நிற்கும் வரியும் அதே அளவு உரக்கப் பேசினால், அதுவும் இன்னொரு தத்துவ வரியாகிவிடும். உங்கள் நண்பர்கள் ஓடுவது அந்தக் குரலைக் கண்டுதான்.

இரண்டாவது: "தோல்வி ஒரு பாடம். நீ அதிலும் ஃபெயில்." இதற்குத்தான் அறையில் சத்தமாகச் சிரிப்பார்கள். ஆனாலும் இதை நான் தூக்கிப் போட்டேன். முதல் வாக்கியம் ஒரு கருத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இரண்டாவது திடீரென்று ஒரு மனிதனை நோக்கித் திரும்பிவிட்டது. "நீ" வந்த உடனே மற்ற நால்வர் பார்வையாளர்கள், ஒருவன் மட்டும் இலக்கு. பிறந்தநாள்காரனும் சிரிப்பான், வேறு வழி இல்லாமல்.

மூன்றாவது: "ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடம். வாழ்க்கை முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பாஸ் ஆகிற வழியைத்தான் காணோம்." எண்ணம் சரி, நீளம் தப்பு. விளக்கமே வரியாகிவிட்டது. "பாஸ்" என்பதையும் நானே சொல்லிவிட்டதால் படிப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அடியில் சுயபச்சாதாபமும் ஓடுகிறது. நீங்கள் ஒப்பாரி என்கிறீர்களே, அது இதுதான்.

நான்காவது: "ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடம். சிலபஸ் இன்னும் முடியவில்லை." இது ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் "இன்னும்" என்ற சொல்லில் ஒரு நாள் முடியும் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாம் தவிர்க்கப் பார்த்த ஊக்கம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. "பெரிசு" என்றால் முடியுமா முடியாதா என்ற பேச்சே இல்லை.

எழுதிய பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் வாக்கியத்தை மூடிக்கொண்டு இரண்டாவதை மட்டும் படியுங்கள். தனியாகவே யாரையாவது குத்தினால் அது வசை. தனியாகவே சோகமாக இருந்தால் புலம்பல். "சிலபஸ்தான் கொஞ்சம் பெரிசு" தனியாக நின்றால் ஒரு சாதாரணத் தகவல். வகுப்பில் எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடியது. முதல் வாக்கியத்தின் பக்கத்தில் வைத்தால்தான் அதற்குக் கூர்மை வருகிறது.

இப்படி நேராகச் சொல்லாமல் இடிக்கிறது இங்கிலீஷ்காரங்க பாணி இல்லையா? தமிழுக்கு ஒட்டுமா?

தமிழுக்கு இது மிகப் பழைய பழக்கம். இலக்கணத்திலேயே வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் இருக்கிறது. புகழ்வது போலப் பழிப்பது, பழிப்பது போலப் புகழ்வது. "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் 1073ஆம் குறளைப் படித்தால், கயவர்களைத் தேவர்களோடு சேர்த்துவிட்டு, காரணத்தை அடுத்த அடியில் வைக்கிறார் வள்ளுவர்: இருவரும் தாம் விரும்பியபடி நடப்பவர்கள். முதல் அடி தூக்குகிறது, இரண்டாவது அடி இறக்குகிறது. அமைப்பு நாம் பேசிக்கொண்டிருப்பதேதான்.

புறநானூறு 95ஆம் பாட்டு இன்னும் அழகு. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன என்கிறார் ஔவையார். அங்கே அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. இரண்டு இடத்தையும் விவரித்ததோடு சரி. பயன்படுத்தாத ஆயுதம்தான் பளபளக்கும் என்ற முடிவைத் தொண்டைமானே எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

ஊர்ப் பழமொழியில் தேடினால் ஊக்கத்துக்கு நேர் எதிராகவே கிடைக்கும்: "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க." கனவு காண் என்று யாரும் போஸ்டர் அடிக்கும் முன்பே, தாசில்தார் வேலைக்கு ஆசைப்பட்டவர் நிலையை இப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

நம் மொழியின் வாக்கிய அமைப்பும் கை கொடுக்கிறது. தமிழில் முடிவு பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் இருக்கும். "முயன்றால் நிச்சயம்" என்பது வரை வந்துவிட்டு "முடியும்" என்றும் நிறுத்தலாம், "களைப்பு வரும்" என்றும் நிறுத்தலாம். கடைசிச் சொல் வரும்வரை படிப்பவர் காத்திருந்தாக வேண்டும். திருப்பத்தை அங்கே வைத்தால் அது இயல்பாகவே விழுகிறது.

"ஆம்" என்ற ஒட்டு இன்னொரு வரம். "முயன்றால் முடியும்" ஊக்க வரி. "முயன்றால் முடியுமாம்" என்றால்? ஒரு எழுத்துத்தான் கூடியிருக்கிறது. சொல்வது நானில்லை, யாரோ சொன்னார்கள், எனக்குப் பொறுப்பில்லை என்ற தொனி வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பதில் கடைசியில் நிற்கும் அதே "ஆம்". சின்னஞ்சிறு கிண்டல் போதும் என்றால் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. வந்த ஊக்க வரியை அப்படியே எடுத்து, முடிவில் "ஆம்" சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

பழமொழியையே எடுத்துத் திருப்பிப் போடலாமா? திருக்குறளை?

பழமொழியைத் தாராளமாக. நான் விரும்பி அனுப்பும் வரிகளில் ஒன்று இது:

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.
நகர்ந்த பிறகும் அது அம்மிதான்.

ஓயாமல் ஓவர்டைம் பார்த்து, கடைசியில் அதே வேலைக்குப் புதுப் பதவிப் பெயர் மட்டும் வாங்கிய ஒரு தோழிக்காக எழுதினேன். பழமொழி நகர்வதைப் பற்றி மட்டும் பேசுகிறது. நகர்ந்ததால் என்ன மாறியது என்று அது கேட்பதில்லை. சிலபஸ் வரியில் செய்த வேலைதான் இங்கேயும்: சொல்லாமல் விட்டதைப் போய்ப் பார்ப்பது. பழமொழியில் ஒரு வசதி, முதல் அடியை எல்லோருக்கும் தெரியும். பாதி சொன்னாலே மீதி காதில் கேட்கும்.

குறளை நான் திருப்புவதில்லை. புனிதம் என்பதற்காகச் சொல்லவில்லை. முயற்சியைப் பற்றிய குறள்கள் நம் காலத்து ஊக்க வரிகள் மாதிரி ஊதிப் பெரிதாக்கிப் பேசுவதில்லை. 619ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." வானமே எல்லை என்று அதில் எங்கும் இல்லை. உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி கிடைக்கும், அவ்வளவுதான். உழைத்த உழைப்புக்குக் கூலி என்பதைவிட அளவான வாக்குறுதி எது? ஊதாத பலூனில் குத்த இடமில்லை. ஊக்க வரிகளை வெறுக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் குறளை வெறுமனே படித்துக் காட்டினேன். "இது பரவாயில்லையே, நியாயமா பேசுறார்" என்றார்.

எதுக்கு இந்தச் சுற்று வழி? நல்லபடியா ஊக்கமாவே ஒரு வரி அனுப்பினா என்ன கெட்டுப்போகுது?

பலருக்கு ஒன்றும் கெடாது. பிடித்தவர்களுக்கு அனுப்புங்கள். காலையில் சூரியோதயப் படத்தோடு வரும் வரியைப் படித்து உண்மையிலேயே தெம்பாகும் மனிதர்களை எனக்குத் தெரியும், என் அம்மா உட்பட.

ஆனால் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் தன் சகாக்களோடு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளுள்ள ஒரு வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்கு அதனால் சற்றே நன்மை தெரிந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமான மனநிலைக்குப் போனார்கள். தன்னைப் பற்றி நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, அது ஏன் உண்மை இல்லை என்பதற்கான காரணங்கள்தான் மனதில் வரிசையாக வந்து நிற்கும்.

நண்பர்கள் ஊக்க வரிகளைக் கண்டு முகம் சுளிப்பது திமிர் என்று நான் நினைத்ததில்லை. "உன்னால் முடியும்" என்பது நேற்று முடியாமல் போனவன் காதில், "நேற்று நீ சரியாக முயலவில்லை" என்றும் விழும். சிலபஸ் பெரிசு என்பதில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. பாடம் நீளமாக இருப்பது படிப்பவன் தப்பு இல்லையே.

வாட்ஸ்அப்பில் அனுப்பினா சீரியஸா எடுத்துக்கிறாங்க. "என்னடா ஆச்சு, ஏதாவது பிரச்சினையா?"ன்னு போன் வருது.

எழுத்தில் குரல் இல்லை. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலிலும் குரலிலும் அனுப்பச் செய்தார்கள். எதிரே இருப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதத்தோடு நின்றார்கள். பூவா தலையா போட்டாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டிருப்பதால், அது எழுத்திலும் போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம்.

அதனால்தான் முதல் வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு வலியுறுத்துகிறேன். குரல் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. "சிலபஸ் பெரிசு" என்று மட்டும் அனுப்பினால் உங்களுக்கு ஏதோ கஷ்டம் என்றுதான் தோன்றும். காலண்டர் வரிக்குக் கீழே அது வந்தால், கிண்டல் காலண்டரை நோக்கி என்று தெரிந்துவிடும்.

கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகத்தைக் கூடவே போடாதீர்கள். ஆச்சரியக்குறியும் வேண்டாம். இரண்டு வாக்கியம், இரண்டு முற்றுப்புள்ளி. வரிக்கு முன்னால் சிரித்துக்கொண்டே வருபவர் சொல்லும் ஜோக் மாதிரி ஆகிவிடும். பொம்மை முகம் இல்லாமல் புரியவே புரியாது என்று தோன்றினால் வரியைத்தான் திருத்த வேண்டும். போன் வந்துவிட்டால், "சும்மாதான், நல்லா இருக்கேன்" என்று உடனே சொல்லிவிடுங்கள். அக்கறையோடு கூப்பிட்டவரை, "ஜோக்கூடப் புரியாதா" என்று கேட்பது தப்பு.

யாருக்கு இதை அனுப்பவே கூடாது?

தோல்வி இன்னும் ஈரமாக இருப்பவருக்கு. வேலை போன வாரம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள், துக்க வீடு, மணமுறிவு: அங்கே ஊக்க வரியும் வேண்டாம், எதிர் வரியும் வேண்டாம். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சிலபஸ் வரி திண்டுக்கல் நண்பனுக்கு நன்றாகப் பிடித்துப்போனதால், சில மாதம் கழித்து அதைக் கல்லூரிக் கால நண்பர்கள் குழுவிலும் போட்டேன். பதினைந்து பேர் சிரித்தார்கள். ஒரு தோழி ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலைதான் அவள் மகனுக்குத் தேர்வு முடிவு வந்திருக்கிறது, எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. எனக்குத் தெரியாது. தோல்வி, பாடம், சிலபஸ் என்று என் வரியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அந்த வீட்டில் அன்று நேர்பொருளில் இருந்தது. மறுநாள் இன்னொருத்தி சொல்லித்தான் தெரிந்தது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "உனக்குத் தெரியாதே" என்றாள். ஆனாலும் அவள் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, அந்தத் தோல்வியைப் பற்றி அவரே முதலில் சிரித்துப் பேசியிருந்தால்தான் நானும் தொடுவேன். கோழிப்பண்ணைக் கதையை நண்பன் பத்து தடவை சொன்ன பிறகுதான் எனக்கு அந்த வரி தோன்றியது. இரண்டு, ஆளுக்கென்று எழுதியதை ஆளிடமே கொடுப்பேன், குழுவில் போடுவதில்லை. குழுவில் பதினைந்து பேருக்கு அன்று காலை எப்படி விடிந்தது என்று யாருக்குத் தெரியும்?

வரி தப்பாகப் போனதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. யாருக்காக எழுதினீர்களோ அவர் அமைதியாக இருந்து மற்றவர்கள் சிரித்தால் அது குறி தப்பிவிட்டது. அவர் பதிலுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாலும் ("இல்லடா, அந்தக் கடை ஏன் மூடினேன்னா...") தப்பிவிட்டது. சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அவரே அடுத்த வரி போடுவார். என் நண்பன் போட்டது: "ரிவிஷன் வேற இருக்கு."

பெரியவங்க இருக்கிற குடும்பக் குரூப்பில்?

வேண்டாம். காலையில் பெரியப்பா அனுப்பும் ரோஜாப்பூ வரிக்குக் கீழே இதைப் போட்டால், அது அவருக்குப் பதிலாகத்தான் படும். அவர் அனுப்புவது தத்துவத்தை அல்ல, "நான் எழுந்துவிட்டேன், நீங்கள் நலமா" என்பதை. அதற்கு "காலை வணக்கம் பெரியப்பா" என்பதே சரியான பதில்.

இங்கிலீஷில் இந்த மாதிரி நிறைய இருக்கே, மொழிபெயர்த்துப் போட்டா வேலை மிச்சம் இல்லையா?

அலுவலகச் சுவர்களில் கறுப்புச் சட்டம் போட்டு, கழுகும் மலையுமாகத் தொங்கிய ஊக்கப் போஸ்டர்களைக் கிண்டல் செய்யவே அமெரிக்காவில் 1998இல் டிஸ்பேர் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். அதே கறுப்புச் சட்டம், அதே மாதிரி அழகான படம், கீழே நம்பிக்கையைக் குலைக்கும் ஒரு வரி. அங்கே அது பிடித்ததற்குக் காரணம், அந்த அசல் போஸ்டரை எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நண்பர்கள் அந்தக் கழுகின் கீழ் வேலை பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய வாசகம், தினசரிக் காலண்டர் தாள், பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதிய பொன்மொழி, வாட்ஸ்அப் ரோஜா. அங்கிருந்து முதல் வாக்கியத்தை எடுங்கள். மொழிபெயர்த்த வரியில் இரண்டாவது பாதி மட்டும் வந்து சேரும், அது எதை நோக்கிய கிண்டல் என்பது வழியிலேயே தொலைந்துவிடும்.

கப்பில் அச்சடிச்சுத் தரலாம்னு இருக்கோம். எதைக் கவனிக்கணும்?

இரண்டு வாக்கியத்தையும் ஒரே வரியில் ஓட விடாதீர்கள். கப் வளைந்திருப்பதால் ஒரு பார்வையில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும், நீண்ட வரியின் முடிவு பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். மேலே முதல் வாக்கியம், ஒரு வரி இடைவெளி, கீழே இரண்டாவது. எழுத்து அளவு இரண்டுக்கும் ஒன்றே. கிண்டல் வாக்கியத்தைத் தடிமனாகவோ சிவப்பாகவோ போடச் சொல்லி கடையில் ஆலோசனை சொல்வார்கள். மறுத்துவிடுங்கள், அது பொம்மை முகம் போடுவதற்குச் சமம்.

எழுத்து உடைவதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத அமைப்பில் டிசைன் மென்பொருள் இருந்தால், கொம்பும் காலும் இடம் மாறிவிடும். நம் வரியில் "கொஞ்சம்", "பெரிசு" இரண்டிலும் கொம்பு இருக்கிறது. க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். முதல் வாக்கியத்தில் "தோல்வி"யையும் பாருங்கள். கடைக்காரரின் கணினியில் வேறு வகை எழுத்துரு இருந்தால், நீங்கள் அனுப்பியதை அவர் மறுபடி தட்டச்சு செய்வார், அப்போது ஒற்றுப்பிழை நுழையும். அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். வறண்ட கிண்டலுக்கு எழுத்துப்பிழை எமன். பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரியை விட்டுவிடுவார்கள்.

நாற்பது வயசுக்காரனுக்குத் தோல்விக் கதை எதுவும் இல்லை. நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு எப்படி மாத்துறது?

அப்படியென்றால் தோல்வி வரியை விட்டுவிடுங்கள், பொருந்தாது. அவர் வழக்கமாக என்ன சொல்லிச் செய்யாமல் விடுகிறார் என்று பாருங்கள். அதிகாலையில் எழுந்து நடக்கப் போவதாக ஒவ்வொரு ஜனவரியும் சொல்பவரா? அந்த விஷயத்தைச் சுற்றி ஊரில் உலவும் ஊக்க வரியை அப்படியே மேலே எழுதுங்கள். பிறகு, அது சொல்லாமல் விட்டது என்ன என்று யோசியுங்கள். நான் ஒருவருக்கு எழுதியது:

விடியல் எல்லோருக்கும் பொதுவானது.
எட்டரைக்கும் அது இருக்கும்.

"எட்டரை" என்ற இடத்தில் அவர் எழும் நேரத்தையே போடுங்கள். ஒன்பதே கால் என்றால் ஒன்பதே கால். அந்த ஒரு சொல்தான் இது கடையில் வாங்கிய வரி இல்லை, தன்னை அறிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியது என்று அவருக்குச் சொல்லும்.